தெருவிளக்குக் கணக்கு: எனக்கு 3.77, விடையில் 4.08. எங்கே சறுக்கினேன்?

மதி_காரைக்குடி

வணக்கம். எம்.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டே நெட் தேர்வுக்கும் தயாராகிறேன். பயிற்சித்தாளில் வந்த ஒரு கணக்கு மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை.

புது மனைப்பிரிவு. ஒரே தெரு, மூன்று வீடு. பஞ்சாயத்து இன்னும் தெருவை எடுத்துக்கொள்ளவில்லை, அதனால் விளக்கு போட்டால் வீட்டுக்காரர்கள்தான் செலவழிக்க வேண்டும். கம்பத்தின் தவணை, கரண்ட், பல்பு எல்லாம் சேர்த்து ஒரு விளக்குக்கு மாதம் 96 ரூபாய். Q என்பது விளக்குகளின் எண்ணிக்கை. எத்தனை விளக்கு போட்டால் தெருவுக்கு மொத்தத்தில் நல்லது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு வீட்டுக்கும் கூடுதல் விளக்கால் கிடைக்கும் இறுதிநிலை நன்மை, ரூபாயில்:

```
கடைசி வீடு:  180 - 30Q
நடு வீடு:     120 - 20Q
முனை வீடு:    60 - 20Q
```

முனை வீட்டுக்கு மெயின் ரோட்டு வெளிச்சமே வந்துவிடுவதால் ஆர்வம் குறைவு. கடைசி வீடு இருட்டில் கிடக்கிறது.

மூன்றையும் கூட்டினேன்: 360 − 70Q. இதை 96-க்குச் சமன் செய்தால் Q = 3.77. விடை 4.08 என்கிறது, "எனவே 4 விளக்கு" என்று ஒரு வரி. எப்படி?

வட்டிக்கணக்கு

தம்பி, 3.77-ஐ முழுமையாக்கினாலும் 4 தானே. விடைத்தாளில் ஏதோ எழுத்துப்பிழை, விடுங்கள்.

ஆனால் கூட்டியதே தவறு என்று தோன்றுகிறது. சந்தைத் தேவையை எப்படிக் கண்டுபிடிப்போம்? ஒரு விலையில் ஒவ்வொருவரும் எத்தனை வாங்குவார் என்று பார்த்து, அந்த எண்ணிக்கைகளைக் கூட்டுவோம். விலை 96 என்றால் கடைசி வீடு 2 விளக்கு போடும் (இரண்டாவதால் நன்மை 120, மூன்றாவதால் 90 தான்). நடு வீடு 1. முனை வீடு 0. மொத்தம் 3.

மதி_காரைக்குடி

அண்ணா, 3.77 விளக்கு என்று ஒன்று இல்லையே, அதனால் நானும் முழு விளக்காக எடுத்து 3 என்றுதான் வைத்திருந்தேன். இப்போது உங்களுக்கும் 3. அப்படியானால் விடைத்தாள்தான் தவறா?

உரைகல்

விடைத்தாள் சரி. நீங்கள் இருவரும் வேறு வேறு பிழை செய்து ஒரே இடத்தில் போய் நிற்கிறீர்கள். 22 வருடம் வகுப்பெடுத்திருக்கிறேன். இரண்டு மாணவர்களுக்கு ஒரே விடை வந்தால் அது சரி என்று நம்பி உட்கார்ந்துவிடுவது அங்கேயும் நடக்கும்.

சமன்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு விளக்கை ஒவ்வொன்றாக நடுங்கள்.

முதல் விளக்கு: கடைசி வீட்டுக்கு 150, நடு வீட்டுக்கு 100, முனை வீட்டுக்கு 40. மொத்தம் 290.
இரண்டாவது: 120, 80, 20. மொத்தம் 220.
மூன்றாவது: 90, 60, 0. மொத்தம் 150.
நான்காவது: 60, 40, முனை வீட்டுக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 100.
ஐந்தாவது: 30, 20. மொத்தம் 50.

நான்காவது விளக்கின் செலவு 96, அந்த விளக்கால் தெருவுக்குக் கிடைப்பது 100. போடலாம். ஐந்தாவதுக்கு 96 கொடுத்து 50 வாங்குவது நஷ்டம். ஆக 4.

மதி, நீங்கள் நான்காவது விளக்குக்கு முனை வீட்டின் கணக்கில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 60 − 80 = −20. அந்த வீட்டுக்காரர் என்ன, வெளிச்சம் வந்தால் கோபப்படுவாரா? மூன்றோடு அவருக்குப் போதும். அதன்பின் அவர் பங்கு சுழியம், கழித்தல் இல்லை. அந்த −20 தான் உங்கள் மொத்தத்தை 100-லிருந்து 80-க்கு இறக்கி, நான்காவது விளக்கை வெட்டிவிட்டது. மூன்றைத் தாண்டியதும் முனை வீட்டை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் கூட்ட வேண்டும்:

```
Q <= 3      : 360 - 70Q
3 < Q <= 6  : 300 - 50Q
300 - 50Q = 96   =>   Q = 4.08
```

கூட்டுக்கோடு Q = 3-இல் ஒடியும். படம் வரைந்தவர் இந்த ஒடிவைப் பார்த்துவிடுவார், சமன்பாட்டை மட்டும் கூட்டியவருக்குத் தெரியாது. இனி விடை வந்ததும் அதைத் திரும்ப ஒவ்வொருவர் கோட்டிலும் போட்டுப் பாருங்கள். எங்காவது கழித்தல் எண் வந்தால் தவறான துண்டில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

மதி_காரைக்குடி

சார், நன்றி! −20-ஐ நான் கவனிக்கவே இல்லை. ஆனால் வட்டிக்கணக்கு அண்ணன் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லையே. நன்மையைத்தான் கூட்ட வேண்டும், எண்ணிக்கையைக் கூட்டக்கூடாது என்பது எங்கிருந்து வருகிறது? புத்தகத்தில் "செங்குத்தாகக் கூட்டவும்" என்று கட்டளை மாதிரி இருக்கிறது.

உரைகல்

இட்லியில் ஆரம்பிக்கலாம். நான் இரண்டு தின்றால் அந்த இரண்டு உங்களுக்கு இல்லை. உங்களுக்கு மூன்று வேண்டுமென்றால் ஐந்து அவிக்க வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டுகிறோம், ஏனென்றால் ஒவ்வொரு இட்லியும் ஒரே ஒரு வாய்க்குத்தான் போகிறது. அந்த இட்லியின் நன்மை, தின்றவரின் நன்மை மட்டும்தான்.

தெருவில் நான்கு விளக்கு எரிந்தால் கடைசி வீட்டுக்கும் நான்கு, நடு வீட்டுக்கும் நான்கு, முனை வீட்டுக்கும் நான்கு. எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றே, அதில் கூட்ட என்ன இருக்கிறது? ஆளுக்கு ஆள் மாறுவது அந்த விளக்கின் மதிப்புதான். அதனால் அதைக் கூட்டுகிறோம்.

இனி நிபந்தனை எப்படி வருகிறது என்று பாருங்கள். இப்போது தெருவில் இரண்டு விளக்கு எரிகிறது என்று வையுங்கள். மூன்றாவதுக்கு அதிகபட்சம் எவ்வளவு தரத் தயார் என்று கேட்டால், உண்மையைச் சொன்னால், 90, 60, 0. 150 வசூலாகும். விளக்குக்கு 96 போக 54 மிச்சம். அந்த 54-ஐ மூன்று வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்தால் எல்லோரும் முன்பைவிட நன்றாக இருக்கிறார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. இப்படி ஒரு வழி இருக்கும்வரை இரண்டு விளக்கோடு நிற்பது வீண். எதிர்ப்பக்கம், ஐந்து விளக்கு எரிகிறது என்றால் ஐந்தாவதைக் கழற்றினால் 96 மிச்சமாகும். இழப்புக்கு ஈடாகக் கடைசி வீட்டுக்கு 30, நடு வீட்டுக்கு 20 கொடுத்தாலும் கையில் 46 நிற்கும். கூட்டவும் வழியில்லாமல், குறைக்கவும் வழியில்லாமல் நிற்கும் இடம்தான் திறன்மிக்க அளவு. விளக்கைத் துண்டு துண்டாக நடமுடியும் என்று பாவித்தால் அந்த இடத்தில்

```
MB1(Q) + MB2(Q) + MB3(Q) = MC(Q)
```

MB என்பது ஒவ்வொரு வீட்டின் இறுதிநிலை நன்மை, MC என்பது கூடுதல் விளக்கின் செலவு. இவ்வளவுதான். 1954-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன் மூன்றே பக்கக் கட்டுரையில் எழுதியது இதன் பொதுவான வடிவம். அவர் ரூபாயில் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் இன்னொரு பண்டத்தை எவ்வளவு விட்டுக்கொடுப்பார் என்ற பதிலீட்டு வீதத்தைக் கூட்டி, உற்பத்தியில் விட்டுக்கொடுக்க வேண்டிய அளவுக்குச் சமன் செய்தார். தனியார் பண்டத்தில் ஒவ்வொருவரின் வீதமும் தனித்தனியே அதற்குச் சமம், இங்கே கூட்டுத்தொகை சமம்.

வட்டிக்கணக்கு போட்டது தவறான கணக்கு என்று சொல்லமாட்டேன். அது வேறொரு கேள்விக்கு, அதாவது ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டு விளக்கைக் கண்ணை மூடிக்கொண்டு, தன் காம்பவுண்டுக்குள் தனக்கு மட்டும் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குப் பதில்.

வட்டிக்கணக்கு

ஒத்துக்கொள்கிறேன் சார், இட்லியையும் விளக்கையும் ஒன்றாக்கிவிட்டேன். ஆனால் பேசி வைத்துக்கொள்ளாமல் ஆளாளுக்கு முடிவெடுத்தாலும் தெருவில் 3 விளக்கு வரும் அல்லவா? அதைத்தானே சொன்னேன்.

உரைகல்

அதுவும் வராது, 2 தான் வரும். ஓசிப் பயணம் என்கிறோமே, அது இங்கேதான் நுழைகிறது.

கடைசி வீடு தனக்காக இரண்டு போட்டுவிட்டது. நடு வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து பார்க்கிறார். ஏற்கெனவே இரண்டு எரிகிறது, அவர் போடப்போவது மூன்றாவது. அந்த விளக்கால் அவருக்குக் கிடைப்பது 60, செலவு 96. பேசாமல் உள்ளே போய்விடுவார். முதல் விளக்காக இருந்திருந்தால் 100 கிடைக்கும் என்று போட்டிருப்பார். முனை வீட்டுக்காரர் எப்போதும் போடப்போவதில்லை. நடு வீடு முந்திக்கொண்டு ஒன்று போட்டால்? கடைசி வீடு இன்னும் ஒன்று சேர்க்கும். அடுத்த மாதம் நடு வீடு தன் விளக்கை அணைத்துவிடும், கடைசி வீடு அதையும் ஈடுகட்டிக்கொள்ளும். எப்படிச் சுற்றினாலும் கடைசி வீடு 2, மற்றவர்கள் 0 என்றுதான் நிற்கும்.

தெரு இழப்பது மூன்றாவது விளக்கில் 54, நான்காவதில் 4. மாதம் 58 ரூபாய். யாரும் கெட்டவர் இல்லை, யாரும் முட்டாளும் இல்லை. அவரவர் தன் நன்மையை மட்டும் 96-ஓடு ஒப்பிட்டார்கள். ஒப்பிட வேண்டியதோ மொத்த நன்மை.

ஒன்று சொல்ல வேண்டும். ஓசிப் பயணம் இருந்தாலே பற்றாக்குறை வரும் என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள். விளக்குச் செலவை 55 ஆக்கிப் பாருங்கள். கடைசி வீடு தனியாகவே நான்கு போடும், ஏனென்றால் நான்காவதால் அதற்கு 60. தெருவுக்குத் தேவையான அளவும் நான்குதான், ஐந்தாவதால் மொத்த நன்மை 50 தான். மற்ற இருவரும் முழு ஓசி, ஆனால் அளவு சரியாகவே இருக்கிறது. அங்கே சண்டை நியாயத்தைப் பற்றி இருக்கலாம், திறனைப் பற்றி இல்லை.

கடைமடை

சிவகங்கைப் பக்கம் விவசாயி. இந்தக் கணக்கெல்லாம் எங்கள் கண்மாய்க்கு எடுபடாது என்று சொல்ல வந்தேன். தலைமடைக்காரன் தண்ணீர் பாய்ச்சினால் எனக்குக் குறைகிறது. எல்லோருக்கும் நான்கு விளக்கு என்கிறீர்கள், இங்கே எல்லோருக்கும் ஒரே தண்ணீர் எங்கே கிடைக்கிறது? மடை திறந்து தண்ணீர் பிரித்துவிடும் நீர்க்கட்டி இருந்த காலத்தில் அவர் முறை வைத்து விட்டார், கடைசி வயலுக்கும் வந்தது. இப்போது அந்த ஆளே இல்லை.

உரைகல்

ஐயா, நீங்கள் சொல்வது சரி, தண்ணீர் இந்தக் கணக்கில் வராது. ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்குக் குறைகிறது, அது இட்லி மாதிரி. ஆனால் வேலி போட்டுத் தடுக்கவும் முடியாத இட்லி. அங்கே வரும் சிக்கல் யாரும் கொடுக்காமல் இருப்பது இல்லை, எல்லோரும் அளவுக்கு மீறி எடுப்பது. அதற்கு நீர்க்கட்டிதான் மருந்து.

ஆனால் அதே கண்மாயின் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். உடைப்பை அடைத்துவிட்டால் தலைமடைக்கும் கடைமடைக்கும் சேர்த்துத்தான் அடைக்கிறோம். உங்கள் வயலுக்கு மட்டும் கரை உடையாமல் இருக்க வழியில்லை. கரை விளக்கு மாதிரி.

கடைமடை

அப்படிப் பிரித்தால் புரிகிறது. கரை வேலைக்கு எங்கள் தாத்தா காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும், குடிமராமத்து. இப்போது கூப்பிட்டால் மூன்று பேர் வருவார்கள். ஒன்று கவனித்திருக்கிறேன். போர்வெல் போட்டவர்கள்தான் முதலில் நின்றுபோனார்கள். "எனக்குக் கண்மாய் எதற்கு?" என்று நேராகவே கேட்டார் ஒருவர். கண்மாய் நிரம்பினால்தான் அவர் போர்வெல்லிலும் தண்ணீர் ஊறும் என்பது வேறு விஷயம்.

உரைகல்

அவர்தான் எங்கள் முனை வீட்டுக்காரர், மெயின் ரோட்டு வெளிச்சம் உள்ளவர். தனி வழி கிடைத்ததும் பொது வேலையால் அவருக்குக் கிடைக்கும் இறுதிநிலை நன்மை கீழே விழுகிறது. ஆனால் நீங்கள் கடைசியில் சொன்னதுதான் முக்கியம். அது சுழியத்துக்கு விழவில்லை. அவர் சொல்வது சுழியம், உண்மை அதைவிட அதிகம்.

குடிமராமத்தும் முழுக்க நல்லெண்ணத்தில் ஓடியது இல்லை ஐயா. 1858-இல் மதராஸ் மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டமே வந்தது. ஏரி, கால்வாய் வேலைக்கு வழக்கப்படி தரவேண்டிய உழைப்பைத் தராதவரிடம் பணமாக வசூலிக்கலாம் என்றது. வெள்ளைக்காரன் அந்த வழக்கத்தை எவ்வளவு புரிந்துகொண்டான் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் "வராதவனை என்ன செய்வது" என்ற கேள்வி அன்றே இருந்தது என்று தெரிகிறது.

மூணாவதுமாடி

நான் ஒரு குடியிருப்புச் சங்கத்தில் செயலாளராக மாட்டிக்கொண்டவள். மொட்டைமாடிச் சோலார், வாசல் கேமரா என்று எதை எடுத்தாலும் சண்டை. நாங்கள் எளிமையாக வைத்திருக்கிறோம்: கை தூக்கி ஓட்டு, செலவைச் சமமாகப் பிரிப்பது. முதல் மாதம் எல்லோரும் தந்தார்கள், ஆறாவது மாதம் பாதிப்பேர் "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்". இந்தத் தெருவில் அதைச் செய்தால் என்ன ஆகும் சார்?

உரைகல்

மேடம், போட்டுப் பார்ப்போம். விளக்குக்கு ஆளுக்கு 32. கடைசி வீடு நான்கு வரை கை தூக்கும் (60 கிடைக்கிறது, 32 தருகிறது). நடு வீடும் நான்கு வரை. முனை வீடு ஒன்றோடு நிறுத்தச் சொல்லும். இரண்டுக்கு ஒன்று என்று 4 நிறைவேறும். சரியான எண்ணிக்கைதான், ஆனால் அது இந்த எண்களின் அதிர்ஷ்டம். ஓட்டுக்கு நடுவில் நிற்பவரின் விருப்பம் மட்டும்தான் தெரியும், யாருக்கு எவ்வளவு வேண்டும் என்பது தெரியாது.

முனை வீட்டுக்காரர் 128 ரூபாய் கட்டி, தன் மதிப்பில் 60 ரூபாய் வெளிச்சம் வாங்குகிறார். ஆறாவது மாதம் தராதவர்களில் சிலர் அவர் மாதிரி ஆட்களாக இருக்கலாம். எல்லா பாக்கியும் ஓசி இல்லை.

ஆறு மாதத்தில் தேய்ந்துபோனது பற்றி: ஆய்வகத்தில் காசு கொடுத்து இந்த விளையாட்டை ஆடவைத்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் சுற்றில் கையிலிருப்பதில் ஏறக்குறைய பாதியைப் பொதுப் பானையில் போடுவார்கள். திரும்பத் திரும்ப ஆடினால் குறைந்துகொண்டே போகும். உங்கள் அடுக்ககம் ஒன்றும் விதிவிலக்கில்லை.

மூணாவதுமாடி

அப்படியானால் யாருக்கு எவ்வளவு நன்மையோ அவ்வளவு வாங்கிக்கொள்ளலாமே? கடைசி வீட்டிடம் அதிகம், முனை வீட்டிடம் ஒன்றுமில்லை. எல்லோருக்கும் நியாயம்.

உரைகல்

1919-இல் சுவீடன் நாட்டுப் பொருளாதார அறிஞர் எரிக் லிண்டால் சொன்னதும் அதுதான். 4.08 என்ற இடத்தில் கடைசி வீட்டின் நன்மை 57.60, நடு வீட்டுக்கு 38.40, முனை வீட்டுக்கு 0. கூட்டினால் சரியாக 96. அதையே அவரவர் விலையாக வைத்துவிட்டால் மூவருமே தாமாக அதே எண்ணிக்கையைக் கேட்பார்கள். நிபந்தனையே வசூல் பட்டியலாகிவிடுகிறது, அழகுதான்.

ஆனால் பட்டியல் போட நீங்கள் போய்க் கேட்க வேண்டும். கடைசி வீட்டுக்காரர் உண்மையைச் சொன்னால் நான்கு விளக்கால் 420 ரூபாய் நன்மை, கட்டுவது 230.40, மிச்சம் 189.60. அவர் முனை வீட்டுக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "எனக்கும் 60 − 20Q தான் மேடம்" என்றால்? கூட்டுத்தொகை 240 − 60Q ஆகிவிடும், Q = 2.4, தெருவில் 2 விளக்கு. அவர் கட்டுவது விளக்குக்கு 12, மொத்தம் 24. இரண்டு விளக்கால் அவருக்கு 270 நன்மை. மிச்சம் 246. பொய் சொன்னால் 56 ரூபாய் லாபம். நடு வீடு விளக்குக்கு 72 கட்டி அழும். எண்ணிக்கையோ, யாரும் பேசிக்கொள்ளாமல் இருந்தபோது வந்த அதே இரண்டு.

இதைச் சாமுவேல்சனே அந்த மூன்று பக்கத்துக்குள் சொல்லிவிட்டார்: குறைவாகக் காட்டிக்கொள்வது ஒவ்வொருவரின் சுயநலத்துக்கும் ஏற்றது. நிபந்தனை எழுதுவது எளிது, அதற்குள் போட வேண்டிய எண்கள்தான் கிடைக்காது.

மதி_காரைக்குடி

உண்மையைச் சொல்லவைக்கும் வரி ஒன்று பாடத்தில் வருகிறது சார், கிளார்க் வரி. அது இந்தத் தெருவில் வேலை செய்யுமா?

உரைகல்

நான்காவது விளக்குக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். செலவு ஆளுக்கு 32 என்று முதலில் வைத்தால் நிகர நன்மை: கடைசி வீடு +28, நடு வீடு +8, முனை வீடு −32. கூட்டினால் +4, போடலாம். கடைசி வீட்டை விட்டுவிட்டால் −24, விளக்கு வராது. அவர் சொல்லால் முடிவு மாறியது, மற்றவர்களுக்கு ஆன இழப்பு 24, அதை அவர் வரியாகக் கட்ட வேண்டும். நடு வீட்டை விட்டால் −4, அவர் 4 கட்ட வேண்டும். முனை வீட்டால் முடிவு மாறவில்லை, வரி இல்லை.

பொய் சொல்லிப் பாருங்கள். கடைசி வீடு 28-ஐ 1000 என்றாலும் வரி அதே 24 தான், ஏனென்றால் அது மற்றவர்களின் எண்ணிலிருந்து வருகிறது. 24-க்குக் கீழே குறைத்துச் சொன்னால் விளக்கே போய்விடும், 28 − 24 = 4 லாபமும் போகும். உண்மையைச் சொல்வதே மேல்.

வட்டிக்கணக்கு

அந்த 28 ரூபாய் வரி எங்கே போகும்? விளக்குச் செலவு 96 ஏற்கெனவே வசூலாகிவிட்டதே.

உரைகல்

நல்ல கேள்வி, இதற்குத்தான் யாருக்கும் பிடித்த பதில் இல்லை. அதை இந்த மூவருக்கே திருப்பிக் கொடுத்தால், திரும்பி வரும் தொகையை மனதில் வைத்துச் சொல்லை மாற்ற ஆரம்பிப்பார்கள். தெருவுக்கு வெளியே போக வேண்டும். அதாவது உண்மையை வாங்க 28 ரூபாயை எறிய வேண்டும், அந்த விளக்கால் தெருவுக்கு நிகர லாபமோ 4 தான்.

மூணாவதுமாடி

அதோடு அந்த முனை வீட்டுக்காரர் வரி கட்டாவிட்டாலும் தனக்கு வேண்டாத விளக்குக்கு 32 கட்டுகிறாரே. இதை எங்கள் பொதுக்குழுவில் சொன்னால் என்னை நாற்காலியோடு தூக்கிப்போட்டுவிடுவார்கள்.

கடைமடை

ஒரு சந்தேகம். நன்மை என்று எழுதியிருப்பது எல்லாம் "எவ்வளவு தரத் தயார்" என்பதுதானே? கடைசி வீட்டில் ஒரு கூலிக்காரர் இருந்தால் 150 எப்படித் தருவார்? இருட்டு அவருக்கும் அதே இருட்டு. அவர் 30 தான் சொல்வார். அப்போது உங்கள் கூட்டல் விளக்கு வேண்டாம் என்று சொல்லுமோ?

உரைகல்

குறைவான விளக்கு போதும் என்று சொல்லும், ஆமாம். வருமானம் மாறினாலும் கோடு நகராது என்று எடுத்துக்கொண்டதால்தான் 4 என்று ஒற்றை எண் வந்தது. அது நகரும் என்றால், காசு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு Q வரும், ஒவ்வொன்றும் நிபந்தனைக்குப் பொருந்தும். எந்தப் பகிர்வு சரி என்று நிபந்தனை சொல்லாது. கூட்டும்போது ஏழையின் ரூபாய்க்கு அதிக எடை கொடுக்கலாம் என்பவர்கள் உண்டு. அதை வரியிலும் மானியத்திலும் சரிசெய், விளக்குக் கணக்கில் கலக்காதே என்பவர்களும் உண்டு. நான் முதல் கட்சி, ஆனால் எவ்வளவு எடை என்று கேட்டால் என்னிடம் எண் இல்லை.

மதி_காரைக்குடி

பயிற்சித்தாளில் அடுத்த கணக்கு, விளக்குச் செலவு 160 என்றால்? 300 − 50Q = 160, Q = 2.8 என்று போட்டேன். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 2.8 மூன்றுக்குக் கீழே இருக்கிறது, அங்கே முனை வீட்டுக்கு இன்னும் 4 ரூபாய் நன்மை மிச்சம். அதனால் முதல் துண்டில்தான் போட வேண்டும்: 360 − 70Q = 160, Q = 2.86. முழு விளக்காக 2. சரியா சார்?

உரைகல்

சரி. மூன்றாவதால் மொத்தம் 150, செலவு 160. இரண்டோடு நிறுத்துங்கள்.